பகுதி பி-யில் யார் கையெழுத்திடுவது? சென்னை உயர்நீதிமன்ற விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதியரசர்களுக்கும் விதிக் குழுவின் ஏனைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, வாட்ஸ்அப் செய்திகளையும் மின்னஞ்சல்களையும் சான்றாவணமாகக் குறியிட விரும்பும் சாதாரண வழக்காடிகள் ஒரே ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இடம், பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழின் இரண்டாவது கையெழுத்து. கீழமை உரிமையியல் நீதிமன்றங்களில் வழக்காடுபவன் என்ற முறையில், இந்தச் சிக்கல் எப்படி நேர்கிறது என்பதையும், சட்டத்தின் ஓர் எழுத்தையும் மாற்றாமல் தங்கள் குழுவால் இதில் என்ன செய்ய முடியும் என்பதையும் தங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். குற்றவியல் வழக்குகளில் காவல்துறைக்குத் தடய அறிவியல் ஆய்வகத்தின் துணை உண்டு. தனி மனிதருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே உரிமையியல் வழக்குகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டம் வந்த வழியைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாக 2000 அக்டோபர் 17 அன்று பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 65பி சேர்க்கப்பட்டது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாவிட்டாலும் மற்ற வழிகளில் மின்னணு ஆவணத்தை மெய்ப்பிக்கலாம் என்றது. அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்தை ஏற்க மறுத்து, சான்றிதழ் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2018-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஒன்று, கருவி தன் கையில் இல்லாத தரப்பினருக்குச் சற்றுத் தளர்வு கொடுத்தது. அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020 ஜூலை 14 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தளர்வை நீக்கி, 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மீண்டும் உறுதிசெய்தது. அதே தீர்ப்பு இரண்டு வாசல்களைத் திறந்தும் வைத்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை என்பது ஒன்று. சான்றிதழ் தர வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தின் மூலம் அதைக் கேட்டுப் பெறலாம் என்பது மற்றொன்று.

அந்தச் சான்றிதழுக்கு அப்போதெல்லாம் ஒரே கையெழுத்துதான். கருவியை இயக்குவதற்கோ, அது பயன்படும் பணியை நிர்வகிப்பதற்கோ பொறுப்பானவர் கையெழுத்திட்டால் போதும். புதிய அதிநியமம் அதற்கு ஒரு நிர்ணயித்த படிவத்தை அட்டவணையில் தந்திருக்கிறது. ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் பகுதி ஏ-யை நிரப்ப வேண்டும், நிபுணர் ஒருவர் பகுதி பி-யை நிரப்ப வேண்டும். கருவியின் வகை, தயாரிப்பு, நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண் ஆகியவற்றோடு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள வரியான ஹாஷ் மதிப்பையும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் படிவம் கேட்கிறது. ஹாஷ் மதிப்பைக் கேட்டது உண்மையிலேயே நல்ல முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன். சிக்கல் அந்த நிபுணரிடம்தான் இருக்கிறது.

ஒரு கைமாற்றுக் கடன் வழக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2024 ஆகஸ்டில் ஒருவர் தம் நண்பருக்கு வங்கிக் கணக்கு வழியாக 4,50,000 ரூபாய் அனுப்புகிறார். பத்திரம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. ஓராண்டு கழித்துப் பணத்தைக் கேட்டால், அது கடன் அல்ல, தாம் முன்பு செய்த வேலைக்கான கூலி என்று நண்பர் எதிருரையில் சொல்கிறார். வங்கிக் கணக்கு அறிக்கை பணம் கைமாறியதைக் காட்டும். எதற்காகக் கைமாறியது என்பதைக் காட்டாது. அதைக் காட்டக்கூடியவை, “கடன் பணத்தைத் தை மாதத்துக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன்” என்று நண்பர் அனுப்பிய இரண்டு மூன்று வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே.

வாதி தம் கைபேசியையே நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம். 2020 தீர்ப்பின்படி இது முறையான வழி. ஆனால் வழக்கு முடியும் வரை, தேவைப்பட்டால் மேல்முறையீடு முடியும் வரை, அந்தக் கைபேசி சொத்துப் பதிவேட்டு எண்ணோடு உறைக்குள் கிடக்க வேண்டும். வங்கிச் செயலியிலிருந்து குடும்பப் படங்கள் வரை அவருடைய வாழ்க்கையில் பாதி அதற்குள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்னேற்றப்படாத கைபேசி, குறுக்கு விசாரணை நாளன்று உயிர்பெறும் என்பதற்கு எவராலும் உறுதி தர இயலாது. ஆகவே நடைமுறையில் எல்லோரும் நகலைத்தான் நாடுகிறார்கள்.

நகல் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. திரைப்பதிவுகளை அச்சிட்டுத் தருவதைவிட, வாட்ஸ்அப்பின் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி அந்த உரையாடல் முழுவதையும் படங்கள், குரல் பதிவுகளோடு ஒரே கோப்பாக எடுப்பது நல்லது. முன்னும் பின்னும் உள்ள செய்திகள் சேர்ந்திருந்தால்தான் நடுவிலிருக்கும் செய்தியின் பொருள் விளங்கும். தமக்குச் சாதகமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்ற குற்றச்சாட்டும் எழாது. பிறகு அந்தக் கோப்பைக் கணினிக்கு மாற்றி, ஹாஷ் மதிப்பைக் கணக்கிட வேண்டும். இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியிலேயே இருக்கும் ஒரு கட்டளை போதும்:

```
certutil -hashfile chat.zip SHA256
```

இதை இட்டதும் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு வரி திரையில் தெரியும். கோப்பில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். அதனால்தான் படிவம் அதைக் கேட்கிறது.

வழக்காடிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் சறுக்குகிறார்கள். நேற்று ஏற்றுமதி செய்த கோப்பைத் தொலைத்துவிட்டு இன்று மறுபடியும் ஏற்றுமதி செய்தால், உரையாடல் அதேதான் என்றாலும் கோப்பு அதே கோப்பு அல்ல, ஹாஷ் மதிப்பும் வேறாக வரும். திரைப்பதிவுப் படத்துக்கு வீட்டில் ஹாஷ் கணக்கிட்டுவிட்டு, அந்தப் படத்தைச் சாதாரணப் படமாகவே வாட்ஸ்அப்பில் வழக்கறிஞருக்கு அனுப்பினால், செயலி அதைச் சுருக்கி அனுப்பும். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது, ஆனால் மதிப்பு பொருந்தாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கண்டுபிடித்துவிட்டால், ஒரு குற்றமும் செய்யாத வாதி ஆவணத்தைத் திருத்தியவர் போல் கூண்டில் நிற்க வேண்டியதுதான். கோப்பை முதல் நாளே பென் டிரைவில் நேரடியாகப் பதிந்து, அதையே கடைசி வரை பாதுகாப்பதுதான் இதற்கு வழி. மின்னஞ்சலுக்கும் இதே கதைதான்: அச்சிட்ட தாளில் முழுத் தலைப்பு விவரங்கள் வராது; அஞ்சலை `.eml` கோப்பாகவே இறக்கி வைத்தால்தான் அது எந்த வழங்கிகள் வழியாக வந்தது என்ற தடமும், அனுப்பிய களத்தின் மின்னொப்பம் இருந்தால் அதுவும் கையில் இருக்கும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து, பகுதி ஏ-யில் கருவி தமக்குச் சொந்தமானது, தம்மால் இயக்கப்பட்டது என்று உறுதிமொழி தந்து வாதி கையெழுத்திட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகுதி பி-க்கு யாரிடம் போவது?

நான் வழக்காடும் நீதிமன்றங்களில் இதற்கு மூன்று விதமான முடிவுகளைப் பார்க்கிறேன். சிலர் பகுதி பி-யை வெற்றாக விட்டுத் தாக்கல் செய்கிறார்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது. ஆவணம் ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியிடப்பட்டு, அந்தக் கேள்வி இறுதி வாதம் வரை தொங்குகிறது. இறுதியில் ஆவணம் தள்ளப்பட்டால், குறையைச் சரிசெய்யும் காலம் கடந்து போயிருக்கிறது. சிலர் அருகிலுள்ள கணினிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அவர் தாம் எதற்குக் கையெழுத்திட்டோம் என்று தெரியாமலே இட்டிருப்பார்; கூண்டுக்கு அழைத்தால் வர மாட்டார். இன்னும் சிலர், கைபேசியை அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி இடைநிலை மனு போடுகிறார்கள். கொலை வழக்குக் கருவிகள் வரிசையில் காத்திருக்கும் ஓர் ஆய்வகத்துக்கு, எவரும் திருத்தப்பட்டதாகக் குற்றம் சாட்டாத ஒரு கடன் உரையாடலை அனுப்புவது ஆய்வகத்துக்கும் பாரம், வழக்குக்கும் பாரம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், பிரிவு 63 நிபுணர் யார் என்று சொல்லாமல் விட்டதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79ஏ-யின் கீழ் ஒன்றிய அரசு அறிவிக்கும் மின்னணுச் சான்று ஆய்வாளர் மட்டுமே நிபுணர் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். இந்த வாதம் நிற்காது என்பது என் பணிவான கருத்து. அதிநியமத்தின் பிரிவு 39-ஐப் படித்தால் காரணம் தெரியும். அதன் முதல் உட்பிரிவு, அறிவியல், கலை அல்லது வேறு எந்தத் துறையிலும் தனித்திறன் பெற்றவரை நிபுணர் என்கிறது. பழைய சட்டத்தில் இல்லாத ‘வேறு எந்தத் துறையிலும்’ என்ற சொற்கள் இப்போது புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உட்பிரிவுதான் பிரிவு 79ஏ ஆய்வாளரைப் பற்றிப் பேசுகிறது. அவர் நிபுணராகக் கருதப்படுவதும் ‘இந்த உட்பிரிவின் நோக்கங்களுக்காக’ என்ற வரையறைக்குள்தான். பிரிவு 63-இல் அந்த ஆய்வாளர் மட்டுமே கையெழுத்திட வேண்டும் என்று நாடாளுமன்றம் நினைத்திருந்தால், அந்தப் பெயரையே அங்கே எழுதியிருக்கும். பொதுவாக நிபுணர் என்று எழுதியிருப்பதால், முதல் உட்பிரிவின் விரிந்த பொருளையே கொள்ள வேண்டும்.

பகுதி பி உண்மையில் எதைச் சான்றளிக்கிறது என்று பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். ஆவணம் எந்தக் கருவியிலிருந்து பெறப்பட்டது, அதன் ஹாஷ் மதிப்பு என்ன, எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பவற்றைத்தான் நிபுணர் உறுதி செய்கிறார். செய்தியை அனுப்பியவர் யார் என்றோ, செய்தியில் உள்ளது உண்மை என்றோ அவர் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. ஹாஷ் மதிப்பு, கணக்கிட்ட நேரத்துக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும். அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதைக் காட்டாது.

இதை ஒரு நுணுக்கத்தைக் கொண்டு விளக்குகிறேன், ஏனெனில் வழக்கறிஞர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்யும்போது, எதிர்முனையில் இருப்பவரின் எண்ணைத் தொடர்புப் பட்டியலில் சேமித்திருந்தால், ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் எண் வராது. சேமித்த பெயர்தான் வரும். அந்தப் பெயரை வைத்தவர் கைபேசியின் உரிமையாளர். வேறொருவருடைய எண்ணைப் பிரதிவாதியின் பெயரில் சேமித்து, அவரோடு ஓர் உரையாடலை நடத்தி, அதை ஏற்றுமதி செய்தாலும் கோப்பு குறையில்லாமல் இருக்கும், ஹாஷ் மதிப்பு பொருந்தும், பகுதி ஏ-யும் பகுதி பி-யும் பிழையின்றி நிரம்பியிருக்கும். மிகச் சிறந்த நிபுணர் கையெழுத்திட்டாலும் அந்தக் கோப்பைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கும் வழி வேறு: தொடர்பு விவரப் பக்கத்தில் எண் தெரியும்படி கைபேசியை நீதிமன்றத்தில் திறந்து காட்டச் சொல்வது, அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்பது, பிரதிவாதியின் கைபேசியில் அதே உரையாடல் இருக்கிறதா என்று அதை முன்னிலைப்படுத்தக் கோருவது, கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது. இவை எல்லாம் ஆவணம் ஏற்கப்பட்ட பின் நடக்கும் மெய்ப்பித்தல் வேலைகள். ஏற்புக்கான வாசலில் நிற்கும் நிபுணரின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றுவதால்தான், அவர் பெரிய ஆய்வகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இரண்டு கையெழுத்துகளும் இருக்கின்றன என்பதற்காகவே செய்தியின் உள்ளடக்கம் மெய்ப்பிக்கப்பட்டதாக எழுதிவிடுவதும் தவறு.

இந்த நிலையில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 122 தரும் அதிகாரத்தின் கீழ் விதியாகவோ, விதி சாத்தியமில்லாத இடத்தில் உயர்நீதிமன்றத்தின் நடைமுறை அறிவுறுத்தலாகவோ சிலவற்றைப் பரிந்துரைக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன், ஆவணம் உண்மையிலேயே மறுக்கப்படுகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்க வேண்டும். அதிநியமத்தின் பிரிவு 57-இல் உள்ள ஒரு விளக்கம், உரிய பொறுப்பிலிருந்து முன்னிலைப்படுத்தப்படும் மின்னணு ஆவணம், மறுக்கப்படாத வரை முதன்மைச் சான்றே என்கிறது. பிரிவு 63-இன் சான்றிதழோடு இந்த விளக்கம் எப்படிப் பொருந்துகிறது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘மறுக்கப்படாத வரை’ என்ற சொற்களுக்கு ஏதேனும் பயன் இருக்க வேண்டுமானால், மறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதி தேவை. வணிக வழக்குகளுக்கான உத்தரவு 11-இன் விதி 4-இல் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆவணத்தின் உள்ளடக்கத்தை மறுக்கிறாரா, அதன் இருப்பை மறுக்கிறாரா, அனுப்பியதையோ பெற்றதையோ மறுக்கிறாரா, அது உரிய பொறுப்பில் இருந்ததை மறுக்கிறாரா என்று ஒவ்வொன்றாகவும் காரணத்தோடும் சொல்ல வேண்டும். வெறும் மறுப்பு மறுப்பாகாது. இந்த ஒழுங்கைச் சாதாரண வழக்குகளில் தாக்கலாகும் மின்னணு ஆவணங்களுக்கும் நீட்டிக்கலாம். நம் கடன் வழக்கில் பிரதிவாதி, அந்த எண் தம்முடையதல்ல என்கிறாரா, எண் தம்முடையதுதான் ஆனால் செய்தியை அனுப்பவில்லை என்கிறாரா, அனுப்பினேன் ஆனால் அது வேறு கடனைப் பற்றியது என்கிறாரா என்பது வழக்கெழுவினாக்கள் வனையும் முன்பே தெரிந்துவிடும். மூன்றாவது பதில் வந்தால், நிபுணருக்கோ ஆய்வகத்துக்கோ அங்கே வேலையே இல்லை.

அடுத்து, பகுதி பி-யில் கையெழுத்திடத் தகுதியானவர் பிரிவு 39(1)-இன் பொருளில் கணினித் துறையில் திறன் பெற்ற எவரும் ஆகலாம் என்றும், அவர் தம் கல்வித் தகுதியையும் அனுபவத்தையும் கூறும் ஒரு பக்க உறுதிமொழியைச் சான்றிதழோடு இணைக்க வேண்டும் என்றும், அழைத்தால் கூண்டுக்கு வர வேண்டும் என்றும் தெளிவுபடுத்தலாம். பொறியியல் கல்லூரியின் கணினித் துறை ஆசிரியரோ, ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பு நிர்வாகியோ இந்த வேலையைச் செய்ய முடியும். வழக்காடியின் உறவினரோ ஊழியரோ கையெழுத்திடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்ப்பது நல்லது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை மாவட்ட நீதிபதி பராமரித்தால், கணினிக் கடைக்காரரைத் தேடி ஓடும் நிலை ஒழியும். திருத்தப்பட்டது என்று காரணத்தோடு குற்றச்சாட்டு வரும் வழக்குகளில் மட்டும், உத்தரவு 26 விதி 10ஏ-யின் கீழ் அறிவியல் ஆய்வுக்கான ஆணையராக இதே பட்டியலிலிருந்து ஒருவரை நியமிக்கலாம். அதற்கும் மேலான சிக்கல் இருந்தால் அப்போது ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

ஆவணம் தாக்கலாகும் நாளிலேயே நீதிமன்றத்தின் கணினிப் பிரிவு அந்தப் பென் டிரைவில் உள்ள கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, பகுதி ஏ-யில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பதிவுத்தாளில் குறித்துவிட வேண்டும். நான் மேலே தந்த ஒற்றை வரிக் கட்டளையை இட இரண்டு நிமிடம் ஆகும். இது நிபுணரின் கையெழுத்துக்கு மாற்றாகாது. ஆனால் அன்றிலிருந்து கோப்பு நீதிமன்றப் பொறுப்பில் மாறவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான பதிவு வேறு இல்லை. மதிப்பு பொருந்தாவிட்டால், சுருக்கப்பட்ட படத்தைத் தாக்கல் செய்த அப்பாவி வழக்காடி அன்றே தெரிந்துகொண்டு சரியான கோப்பைக் கொண்டுவரவும் முடியும்.

கடைசியாக, சான்றிதழில் குறை இருந்தால் ஆவணத்தைக் குறியிடும் கட்டத்திலேயே அதன் மீது முடிவெடுக்க வேண்டும், ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியிட்டு இறுதி வரை தள்ளிப்போடக் கூடாது என்று அறிவுறுத்துமாறு வேண்டுகிறேன். சாட்சிய விசாரணையை நடுவில் நிறுத்தி ஆட்சேபணைகளைத் தீர்க்கக் கூடாது என்ற பொதுவான நல்ல வழக்கத்துக்கு இது விலக்காக அமையும் என்பதை அறிவேன். விலக்குக்குக் காரணம், இந்தக் குறை அந்தக் கட்டத்தில் சரிசெய்யக்கூடியது என்பதுதான். விசாரணை முடியுமுன் சான்றிதழைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் தகுந்த வழக்கில் அனுமதிக்கலாம் என்பதை 2020 தீர்ப்பும் ஏற்றிருக்கிறது. புதிய பிரிவு, ஏற்புக்காகச் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆவணத்தோடு சான்றிதழ் வேண்டும் என்று சொல்வதால், அந்த அனுமதி இன்னும் இருக்கிறதா என்ற ஐயம் கீழமை நீதிமன்றங்களில் எழுகிறது. குறையுள்ள சான்றிதழைத் திருப்பித் தந்து, நிறைவு செய்து மறுபடி சமர்ப்பிக்க 30 நாள் தருவதாக விதி செய்தால், ‘ஒவ்வொரு முறையும்’ என்ற சொற்களுக்கும் மதிப்பளித்ததாகும், வழக்காடியையும் கைவிட்டதாகாது.

இவற்றில் எதை ஏற்க முடியாவிட்டாலும், நிபுணர் யார் என்ற கேள்விக்கு மட்டுமாவது விரைவில் ஒரு தெளிவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதிநியமம் நடைமுறைக்கு வந்த பிறகு தாக்கலான வழக்குகள் இப்போது ஒவ்வொன்றாகச் சாட்சிய விசாரணைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பகுதி பி வெற்றாக உள்ள சான்றிதழ்கள் அவற்றின் கட்டுகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
உரிமையியல் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்